சம மதிப்புகள் நிறைந்த சின்னத் தரவில் தர ஒட்டுறவு: ஸ்பியர்மேனா, கெண்டாலா, எதை அறிக்கையில் எழுதுவது?

பத்துக் கடை, இரண்டு தர அளவுகள், ஒரே தரவு. அதிலிருந்து 0.49, 0.59, 0.61, 0.64, 0.66, 0.69, 0.71, 0.79 என்று எட்டு விடைகள் வரும். இவற்றில் ஒன்றுதான் கணக்குப் பிழை. மற்றவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூத்திரத்தைச் சரியாகப் போட்டதால் வந்தவை. ப்ராஜெக்ட் அறிக்கையில் இவற்றில் எதை எழுதுவது, எதன் பெயரை அதற்கு வைப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டு இது. கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டி மீன் விற்கும் பத்துக் கடைகளை ஒரு மாணவர் குழு பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கடையிலும் ஒரே மீன், சங்கரா. எல்லாம் ஒரே காலைப் பொழுது. ஐஸ் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு நான்கு நிலை: 1 என்றால் ஐஸே இல்லை, 2 என்றால் அடியில் மட்டும், 3 என்றால் அடியிலும் மேலிலும், 4 என்றால் பெட்டிக்குள் முழுக்க மூடியது. மீனின் புதுமைக்குச் செவுள் நிறத்தை வைத்து ஐந்து நிலை: 1 என்றால் பழுப்பு, 5 என்றால் பளிச்சென்ற சிவப்பு. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. களத்தில் எடுத்தவை அல்ல.

| கடை | ஐஸ் | செவுள் |
|---|---|---|
| 1 | 1 | 2 |
| 2 | 1 | 1 |
| 3 | 2 | 2 |
| 4 | 2 | 3 |
| 5 | 2 | 3 |
| 6 | 3 | 3 |
| 7 | 3 | 4 |
| 8 | 3 | 2 |
| 9 | 4 | 4 |
| 10 | 4 | 3 |

நான்கு நிலைக்குள் பத்துக் கடையை அடைத்தால் ஒரே மதிப்பு பலருக்கும் வராமல் தீராது. ஐஸ் பக்கம் 2, 3, 3, 2 என்று நான்கு கொத்து. செவுள் பக்கம் 1, 3, 4, 2. ஐந்தாம் நிலையை ஒரு கடையும் எட்டவில்லை. இந்தக் கொத்துகளை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் விடைகள் பிரிகின்றன.

ஸ்பியர்மேன்: மேலே திருத்தி, கீழே விட்டுவிடுகிற சூத்திரம்

முதல் படி எல்லோருக்கும் தெரிந்தது. சம மதிப்பு உள்ளவர்களுக்கு அவர்கள் பிடித்திருக்கும் இடங்களின் சராசரியைத் தரமாகக் கொடுக்க வேண்டும். ஐஸ் நிலை 1 உள்ள இரண்டு கடைகளும் 1, 2 என்ற இடங்களைப் பிடிக்கின்றன, ஆக இரண்டுக்கும் 1.5. நிலை 2-க்கு 4, நிலை 3-க்கு 7, நிலை 4-க்கு 9.5. செவுள் பக்கம் நிலை 1-க்கு 1, நிலை 2-க்கு 3, நிலை 3-க்கு 6.5, நிலை 4-க்கு 9.5. ஒவ்வொரு கடைக்கும் இரண்டு தரங்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 47.5 வரும். அதில் 16 எட்டாம் கடையிலிருந்து மட்டும் வருகிறது. ஐஸ் தாராளமாக இருந்தும் செவுள் மங்கிப்போன கடை அது.

இதைப் பழக்கமான சூத்திரத்தில் அப்படியே போட்டால்:

1 − 6 × 47.5 / (10³ − 10) = 1 − 285/990 = 0.712

இந்தச் சூத்திரம் சம மதிப்பே இல்லாத தரவுக்கு எழுதப்பட்டது. சம மதிப்பு வந்ததும் தரங்களின் பரவல் சுருங்குகிறது. சூத்திரமோ 1 முதல் 10 வரை முழுப் பரவலும் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது.

அதனால் நம் பாடநூல்களில் ஒரு திருத்தம் பரவலாகக் கிடைக்கும். m பேர் சமமாக உள்ள ஒவ்வொரு கொத்துக்கும் (m³ − m)/12 என்று கணக்கிட்டு, வித்தியாச வர்க்கங்களின் கூட்டலோடு சேர்ப்பது. இங்கே ஐஸ் பக்கம் 0.5 + 2 + 2 + 0.5 = 5; செவுள் பக்கம் 2 + 5 + 0.5 = 7.5. ஆக 47.5 + 12.5 = 60. விடை 1 − 360/990 = 0.636.

பெரும்பாலான மாணவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். திருத்தம் செய்தாயிற்று என்ற நிம்மதி. ஆனால் எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் மென்பொருளில் போட்டால் 0.689 வருகிறது. கையில் செய்தது தப்போ என்று தேடத் தொடங்கினால் ஒரு நாள் போய்விடும். கூட்டலில் தப்பு இருக்காது. காரணத்தைப் பார்ப்போம். 0.636 என்பது 105/165 என்ற பின்னம். மேலே உள்ள 105-இல் சம மதிப்புகளுக்கான திருத்தம் வந்துவிட்டது. கீழே உள்ள 165 மட்டும் சம மதிப்பே இல்லாத தரவுக்கான எண். அதை யாரும் தொடவில்லை. அதையும் திருத்த வேண்டும். (n³ − n)/12 என்பது 82.5. ஐஸ் பக்கம் 82.5 − 5 = 77.5, செவுள் பக்கம் 82.5 − 7.5 = 75. கீழே வர வேண்டியது 2 × √(77.5 × 75) = 152.48. அப்போது 105/152.48 = 0.689.

இந்த 0.689 வேறொன்றுமில்லை: சராசரித் தரங்களை இரண்டு நெடுவரிசையாக வைத்து அவற்றுக்குச் சாதாரண பியர்சன் ஒட்டுறவு கண்டால் வருவது. ஆகவே கையால் செய்கிறவர்களுக்கும் வழி எளிது: 6Σd² சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, சராசரித் தரங்களுக்கு நேரடியாகப் பியர்சன் போடுங்கள். சம மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சரியாக வரும்.

எக்செல்லில் செய்பவர்கள் ஒரு இடத்தில் சறுக்குவார்கள். `RANK` அல்லது `RANK.EQ` சம மதிப்புகளுக்குச் சராசரியைத் தராது. கொத்தின் முதல் இடத்தையே எல்லோருக்கும் தரும். ஏறுவரிசையில் தரம் போட்டு ஐஸ் பக்கம் 1, 1, 3, 3, 3, 6, 6, 6, 9, 9 என்று வந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று பொருள். அதன் மேல் `CORREL` போட்டால் 0.658. தொடக்கத்தில் சொன்ன எட்டு எண்களில் கணக்குப் பிழை என்றது இதைத்தான். `RANK.AVG` பயன்படுத்துங்கள். தரங்களைக் கூட்டிப் பாருங்கள். பத்துக் கடைக்கு 55 வர வேண்டும். வராவிட்டால் தரம் போட்டதிலேயே கோளாறு.

இந்தச் சின்ன வேறுபாடுகள் முடிவையே புரட்டிவிடக்கூடியவை. பரவலாக உள்ள ஸ்பியர்மேன் அட்டவணையில் n = 10, இருபக்கம், 5 சதவீதத்துக்கான வரம்பு 0.648. பாடநூல் சூத்திரத்தின் 0.636 அதற்குக் கீழே, முழுத் திருத்தத்தின் 0.689 அதற்கு மேலே. ஒரே தரவை வைத்து ஒரு குழு "தொடர்பு உண்டு" என்றும் பக்கத்துக் குழு "இல்லை" என்றும் எழுதும். அந்த அட்டவணையே சம மதிப்பு இல்லாத தரவுக்குக் கணக்கிட்டது என்பதால் இரண்டு குழுவுமே தமக்குரியதல்லாத வரம்போடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

கெண்டால்: ஜோடி ஜோடியாக எண்ணுவது

கெண்டால் 1938-இல் தந்த முறை தரங்களின் இடைவெளியைப் பார்ப்பதில்லை. இரண்டிரண்டு கடைகளாக எடுத்து ஒரே கேள்வி கேட்கிறது: ஐஸ் அதிகம் உள்ள கடைக்குத்தான் செவுளும் நன்றாக இருக்கிறதா? ஆம் என்றால் ஒத்த ஜோடி, எதிர்மாறாக இருந்தால் முரண் ஜோடி, ஏதாவதொன்றில் சமமாக இருந்தால் சம ஜோடி.

பத்துக் கடைக்கு 45 ஜோடிகள். இதைக் கையாலேயே எண்ணலாம், எண்ணவும் வேண்டும். தரவில் என்ன நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஐஸ் நிலை 1 உள்ள இரண்டு கடைகளை மற்ற எட்டோடு ஒப்பிட்டால் 14 ஒத்த ஜோடி, 2 சம ஜோடி, முரண் ஒன்றுகூட இல்லை. நிலை 2-ஐ நிலை 3-ஓடு ஒப்பிட்டால் 4 ஒத்தவை, 2 முரண், 3 சமம். அந்த இரண்டு முரணும் எட்டாம் கடையால் வந்தவை: கடை 4, 5 இரண்டிலும் ஐஸ் குறைவு, ஆனால் செவுள் அதைவிட மேல். நிலை 2-ஐ நிலை 4-ஓடு ஒப்பிட்டால் 4 ஒத்தவை, 2 சமம். நிலை 3-ஐ நிலை 4-ஓடு ஒப்பிட்டால் 3 ஒத்தவை, 1 முரண், 2 சமம்; முரண் என்பது கடை 7-க்கும் 10-க்கும் இடையில்.

மொத்தம் ஒத்தவை 25, முரண் 3. வித்தியாசம் 22. மீதி 17 ஜோடிகள் சமம்: ஐஸில் மட்டும் 7, செவுளில் மட்டும் 9, இரண்டிலுமே 1 (கடை 4-ம் 5-ம்). 25 + 3 + 17 = 45 என்று சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

இந்த 22-ஐ எதனால் வகுப்பது என்பதில்தான் கெண்டால் குடும்பம் கிளை பிரிகிறது. எல்லா ஜோடிகளாலும், அதாவது 45-ஆல் வகுத்தால் டௌ-ஏ, 0.489. இது பாடநூல் ஸ்பியர்மேனின் குறையையே கொண்டது. சம ஜோடிகள் எந்தப் பக்கமும் வாக்களிக்க முடியாது, ஆனாலும் வகுக்கும் எண்ணில் உட்கார்ந்திருக்கின்றன. சம ஜோடிகளை முற்றிலும் தூக்கியெறிந்து 28-ஆல் வகுத்தால் காமா, 0.786. குட்மேனும் க்ரஸ்கலும் 1954-இல் தந்த இந்த அளவு, நிலைகளைக் குறைத்து எல்லோரையும் ஒரே கொத்தில் தள்ளத் தள்ள ஏறிக்கொண்டே போகும் போக்குடையது. 45-இல் 17 ஜோடியைக் கணக்கிலேயே சேர்க்காமல் வந்த எண்ணைத் தலைப்பு எண்ணாக வைப்பது வாசகரை ஏமாற்றுவதில் முடியும். காமாவை எழுதியே ஆக வேண்டுமானால் எத்தனை ஜோடி சமம் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

டௌ-பி நடுவழி. ஐஸில் சமமான ஜோடிகள் 8-ஐக் கழித்தால் 37, செவுளில் சமமானவை 10-ஐக் கழித்தால் 35. √(37 × 35) = 35.99. ஆக 22/35.99 = 0.611. முழுத் திருத்தம் செய்த ஸ்பியர்மேனில் ஒவ்வொரு பக்கத்தின் பரவலையும் தனித்தனியாகச் சுருக்கினோமே, அதே நியாயம்தான் இங்கேயும். டௌ-சி என்று இன்னொன்று உண்டு, இங்கே 0.587. வரிசைகளும் நெடுவரிசைகளும் எண்ணிக்கையில் வெகுவாக வேறுபடும் அட்டவணைகளுக்கு, உதாரணமாக ஒரு பக்கம் 2 நிலை, மறுபக்கம் 5 நிலை என்றால், அதை எடுத்துக்கொள்ளலாம். நம் தரவில் இரண்டு பக்கமும் நான்கு நிலைகளே புழக்கத்தில் உள்ளன, தேவையில்லை.

இந்தத் தரவுக்கு எங்கள் தேர்வு

டௌ-பி. முதல் காரணம், அதன் பொருளை நேராகச் சொல்ல முடியும்: 45 ஜோடிகளில் 25 ஒத்தவை, 3 முரண், 17 சமம். வைவாவில் "0.61 என்றால் என்ன?" என்று கேட்டால் இந்த மூன்று எண்களே பதில். ஸ்பியர்மேனின் 0.69-க்கு அப்படி எளிய விளக்கம் கிடையாது. இரண்டாவது, ஸ்பியர்மேன் 7-க்கும் 9.5-க்கும் உள்ள இடைவெளியை உண்மையான தூரமாக எடுத்துக்கொள்கிறது. அந்த 2.5 மீனைப் பற்றியது அல்ல. எத்தனை கடைகள் எந்த நிலையில் விழுந்தன என்பதைப் பற்றியது. இன்னும் இரண்டு கடை சேர்த்தால் அது மாறிவிடும். செவுள் நிறத்தில் 2-க்கும் 3-க்கும், 3-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாடு ஒன்றேதானா என்று யாராலும் சொல்ல முடியாது. டௌ அதைக் கேட்பதே இல்லை.

0.61 என்பது 0.69-ஐவிடச் சிறியது, ஆகவே தொடர்பு பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஒரே தரவில் டௌ பொதுவாக ஸ்பியர்மேனைவிடச் சிறிதாகவே நிற்கும். பெரிய எண் அழகாக இருக்கிறது என்பதற்காக ஸ்பியர்மேனைத் தேர்ந்தெடுப்பதும், 0.5-க்கு மேல் "மிதமானது", 0.7-க்கு மேல் "வலுவானது" என்று பியர்சனுக்குச் சொல்லும் வரம்புகளை டௌவுக்கு ஒட்டவைப்பதும் தவறு.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. இந்தக் கொத்துகளை வைத்துக்கொண்டு டௌ-பி 1-ஐத் தொடவே முடியாது. செவுள் மதிப்புகள் பத்தையும் ஐஸோடு இயன்ற அளவு ஒத்துப்போகும்படி அடுக்கினாலும் வித்தியாசம் 32-க்கு மேல் ஏறாது, 32/35.99 = 0.89. ஆக 0.61-ஐ 1-ஓடு மட்டும் ஒப்பிடாமல் 0.89-ஓடும் ஒப்பிட வேண்டும். அறிக்கையில் ஒரே வரியில் இதைச் சேர்த்தால் போதும்.

ஸ்பியர்மேனை எப்போது விடாமல் வைத்துக்கொள்வது? வழிகாட்டி அதைத்தான் கேட்கிறார் என்றால், அல்லது ஒப்பிட வேண்டிய முந்தைய ஆய்வு அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்றால். அப்போது 0.69-ஐ எழுதி, "சராசரித் தரங்களின் மேல் பியர்சன்" என்று முறையையும் சொல்லிவிடுங்கள். இரண்டையும் போடுவதும் தவறில்லை. ஆனால் எது முதன்மை என்பதைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். எட்டையும் கணக்கிட்டுவிட்டு அதில் பிடித்ததைப் பொறுக்குவது ஆய்வு ஆகாது.

p மதிப்பு: இங்கேதான் அதிகம் வழுக்கும்

ஆரில் `cor.test` போட்டதும் இப்படி ஓர் எச்சரிக்கை வரும்: `Cannot compute exact p-value with ties`. பல அறிக்கைகளில் இதைக் கண்டுகொள்ளாமல் கீழே உள்ள p-ஐ மட்டும் எடுத்து ஒட்டியிருப்பார்கள். எச்சரிக்கை சொல்வது எளியது: சிறு தரவுக்கான துல்லியப் பட்டியல் சம மதிப்பு இல்லாத நிலைக்கானது, ஆகவே இயல்நிலைப் பரவலை வைத்துத் தோராயமாகத் தருகிறேன். பைத்தானின் `scipy.stats.kendalltau` இன்னும் கவனம் கேட்கும். `method='exact'` என்று கேட்டால் சம மதிப்பைப் பார்த்ததும் பிழை காட்டி நின்றுவிடும். இயல்பான அமைப்பில் விட்டால் சத்தமில்லாமல் தோராயத்துக்குப் போய்விடும்.

நம் தரவில் அந்தத் தோராயம் எவ்வளவு விலகுகிறது? 22-க்கான திட்டவிலக்கம், சம மதிப்புகளுக்குத் திருத்தியபின், 10.21. 22/10.21 = 2.16, இருபக்க p = 0.031. ஸ்பியர்மேனுக்கு t பரவல் வழியாக வருவது 0.028. இரண்டும் உண்மை நிலையைவிடச் சற்று ஆசை காட்டுகின்றன.

உண்மை நிலையை நேராக எண்ணிப் பார்த்துவிடலாம், பத்துக் கடைதானே. ஐஸ் நெடுவரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, செவுள் மதிப்புகளைப் பத்துக் கடைகளுக்குள் எல்லா விதமாகவும் இடம் மாற்றினால் வேறுபட்ட அமைப்புகள் 10!/(1! 3! 4! 2!) = 12,600. அவற்றில் வித்தியாசம் 22 அல்லது அதற்கு மேல் வருபவை 251. −22 அல்லது அதற்குக் கீழ் வருபவையும் 251, ஏனென்றால் 2, 3, 3, 2 என்ற ஐஸ் கொத்துகள் இருபுறமும் ஒரே மாதிரி. ஆக 502/12,600 = 0.0398. தோராயம் 0.031 என்றது, துல்லியம் 0.040. இங்கே இரண்டும் 0.05-க்கு உள்ளேயே நின்றுவிட்டன. 0.045 என்று தோராயம் சொல்லும் தரவில் இதே அளவு விலகல் வந்தால் கோட்டைத் தாண்டிவிடும்.

எல்லா அமைப்பையும் எண்ண முடியாவிட்டால் கலைத்துப் பார்க்கும் வரிசைமாற்றச் சோதனை போதும்:

```r
x <- c(1,1,2,2,2,3,3,3,4,4)
y <- c(2,1,2,3,3,3,4,2,4,3)
obs <- cor(x, y, method = "kendall")
set.seed(607003)
b <- replicate(9999,
       cor(x, sample(y), method = "kendall"))
(sum(abs(b) >= abs(obs) - 1e-9) + 1) / 10000
```

விடை 0.040-ஐச் சுற்றி வரும். 9,999 முறை கலைத்தால் 0.036-க்கும் 0.044-க்கும் இடையில் ஆடும். `set.seed` வரியை அறிக்கையின் பின்னிணைப்பில் கொடுங்கள், இல்லாவிட்டால் மதிப்பிடுபவருக்கு வேறு எண் வரும். `1e-9` என்ற சிறு கழித்தல் தேவையா என்று கேட்பார்கள். தேவை. சம மதிப்பு நிறைந்த தரவில் 0.611 என்ற அதே மதிப்பு பல கலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும். தசம ஸ்தானங்களின் கடைசி நுனியில் ஒரு துளி வேறுபட்டால் அவை எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடும், p பொய்யாகக் குறையும். கடைசியில் உள்ள `+ 1` உண்மையான தரவையும் ஓர் அமைப்பாகச் சேர்ப்பதற்கு. அதனால் p ஒருபோதும் 0 ஆகாது.

ஆர் குறித்து இன்னும் இரண்டு குறிப்பு. அது `tau` என்று மட்டும் அச்சிடும், உண்மையில் தருவது டௌ-பி. அறிக்கையில் "பி" என்று நீங்கள் சேர்த்து எழுத வேண்டும். ஸ்பியர்மேனில் அது காட்டும் `S` மதிப்பு இந்தத் தரவுக்கு 51.38. அதை வித்தியாச வர்க்கங்களின் கூட்டல் என்று எண்ணி அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். நம் கூட்டல் 47.5, ஆர் அந்த எண்ணை 0.689-இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுக்கிறது.

ஒரு கடை நகர்ந்தால்

p எவ்வளவு சொன்னாலும், பத்துக் கடை பத்துக் கடைதான். பத்தாம் கடையின் செவுளுக்கு 3-க்குப் பதில் 2 போட்டிருந்தால் என்ன ஆகும்? ஒரே கடை, ஒரே படி. வெளிச்சம் சற்று மங்கலாக இருந்தால் இரண்டு பேர் இப்படி வேறுபடுவது சகஜம். அந்தக் கடையின் ஒத்த ஜோடிகள் 4-இலிருந்து 1-ஆக இறங்குகின்றன, முரண் 1-இலிருந்து 4-ஆக ஏறுகின்றன. வித்தியாசம் 22-இலிருந்து 16. டௌ-பி 0.61-இலிருந்து 0.44. தோராய p 0.12. ஆகவே சமர்ப்பிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்: ஒவ்வொரு கடையையும் ஒரு முறை நீக்கி, அல்லது சந்தேகமான மதிப்புகளை ஒரு படி மாற்றி, டௌ எந்த எல்லைக்குள் ஆடுகிறது என்று பார்த்து அந்த எல்லையை எழுதுங்கள். நம்பக இடைவெளி கேட்டால் ஸ்பியர்மேனுக்குத் தோராயமாக 0.02 முதல் 0.93 வரை என்று வரும். அவ்வளவு அகலமான இடைவெளியை மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை.

களத்தில் தொடங்கும்போதே இதைக் கொஞ்சம் தடுக்கலாம். ஐஸைக் குறித்தவரே செவுளையும் பார்த்தால், நிறைய ஐஸ் கண்ட மனசு செவுளை ஒரு படி கூட்டிப் போடும். அந்தத் தொடர்பு மீனில் இல்லை, குறித்தவரிடம் இருக்கிறது. ஐஸை ஒருவர் குறிக்கட்டும். செவுளை இன்னொருவர், மீனை ஐஸிலிருந்து எடுத்துக் கொடுத்தபின் பார்க்கட்டும். முடிந்தால் நிலைகளை நான்கிலிருந்து ஆறேழாகப் பிரியுங்கள். ஆனால் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாத நிலைகளை எண்ணிக்கைக்காக உண்டாக்காதீர்கள். சம மதிப்பு குறையும், தவறான மதிப்பு கூடும்.

அறிக்கையில் எழுதும் வாக்கியம்

முடிவுகள் பகுதியில் இப்படி எழுதலாம்: "ஐஸ் நிலைக்கும் செவுள் நிறத்துக்கும் இடையே நேர்த் தொடர்பு காணப்பட்டது (கெண்டால் டௌ-பி = 0.61, n = 10 கடைகள்; 45 ஜோடிகளில் 25 ஒத்தவை, 3 முரண், 17 சமம்; துல்லிய இருபக்க வரிசைமாற்றச் சோதனை, p = 0.040). இந்தக் கொத்துகளுக்கு டௌ-பி எட்டக்கூடிய உச்சம் 0.89. பத்தாம் கடையின் மதிப்பு ஒரு படி குறைந்தால் டௌ-பி 0.44 ஆகும்."

டௌவுக்கு மூன்று தசமம் வேண்டாம். பத்துக் கடைக்கு இரண்டே அதிகம். அளவின் திசையையும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். செவுளுக்கு 1 என்பது "மிகப் புதியது" என்று தலைகீழாகக் குறித்திருந்தால் விடை −0.61 என்று வரும், ஐஸ் போட்டால் மீன் கெடுகிறது என்று படிப்பவர் புரிந்துகொள்வார். வாக்கியத்துக்குக் கீழே ஐஸ் நான்கு வரிசை, செவுள் ஐந்து நெடுவரிசை கொண்ட எண்ணிக்கை அட்டவணையை வையுங்கள். காலியான ஐந்தாம் நெடுவரிசையையும் சுழியங்களோடு அப்படியே விடுங்கள். அந்த அட்டவணை இருந்தால் மேலே சொன்ன எந்த அளவையும் படிப்பவர் தாமே கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.